சட்டைப்பைக்கு மேலே ஒரு மடிப்பு

திருச்செங்கோட்டு ஆண்பிள்ளைகள் பாதிக் குடும்பத்தைச் சட்டைப்பையில்தான் வைத்துக்கொண்டு அலைவார்கள். போன், கண்ணாடிக்கூடு, இரண்டு பேனா, டீசல் போட்ட சீட்டு, மருந்துச் சீட்டு, கோயிலில் கொடுத்த விபூதிப் பொட்டலம். போட்டிருப்பதோ மெல்லிய வெள்ளைச் சட்டை. உள்ளே இருப்பது அத்தனையும் வெளியே தெரியும். போட்டோ எடுக்க வந்து உட்கார்ந்தால் தலையைப் படிய வாருவார்கள், மீசையை நீவுவார்கள், பையில் இருப்பதை மட்டும் எடுத்து வைக்க மாட்டார்கள். "அதையெல்லாம் கம்ப்யூட்டர்ல எடுத்துப்போடுங்க" என்று அதிகாரமாகச் சொல்லிவிட்டுப் போவார்கள்.

எடுத்துப்போடுகிறவள் தமிழினி. மதியழகன் ஸ்டுடியோவில் ஒன்பது வருடமாக அவளுக்கு இதுதான் வேலை. கல்யாண பேனர், அறுபதாம் கல்யாண பேனர், கண்ணீர் அஞ்சலி பேனர் எல்லாமே அவள் கைக்கு வந்துதான் அச்சுக்குப் போகும். முகத்துச் சுருக்கத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துவிடலாம். சட்டைப்பை அப்படி இல்லை. போனை அழித்தால் மட்டும் போதாது. அதன் கனத்தில் பையின் வாய்த் தையல் கீழே இழுத்துக்கொண்டு நிற்கும், அதை நிமிர்த்த வேண்டும். நெஞ்சின் அடுத்த பக்கத்திலிருந்து சுத்தமான துணியை எடுத்து, இடம் வலம் மாற்றி, மேலே போர்த்தி, நூல் ஓடும் திசைக்கு வளைத்துவிட வேண்டும். அதற்குப் பிறகும் போன் இருந்த இடத்துக்கு அடியில் சாம்பலாக ஒரு நிழல் பாக்கி நிற்கும். பொருள் போன பிறகும் போகாத நிழல். அதையும் கொஞ்சம் கொஞ்சமாக வெளுக்க வைத்து, கடைசியில் புள்ளி புள்ளியாகக் கொஞ்சம் சொரசொரப்பைத் தூவிவிட்டால்தான் துணி துணியாக இருக்கும். இல்லாவிட்டால் பிளாஸ்டிக் குடம் மாதிரி மின்னும். தமிழினி செய்த பையை அதன் சொந்தக்காரரே பார்த்தாலும், அன்றைக்குப் பையில் ஒன்றுமே இருக்கவில்லை என்றுதான் நினைப்பார். அதில் அவளுக்குக் கர்வம் உண்டு. இருக்கக் கூடாதா என்ன?

கர்வத்தில் முதல் கீறல் போன வருடம் ஆடி மாதத்தில் விழுந்தது. எடைமேடையில் வேலை பார்க்கும் காளிதாஸ் கடைக்கு வந்து, "உங்க கடையில படம் எடுத்த அன்னிக்கே என்ற போனு காணாமப் போச்சுங்க" என்றான். சும்மா சொல்லிவிட்டுத்தான் போனான். அடுத்த மாதம் போர் போடும் ரிக் வண்டி முதலாளி ஒருவர், தன் தங்கப் பேனாவைப் பற்றி அதையே சொன்னார். பிறகு ஒரு வாத்தியார், கண்ணாடிக்கூடு. மூன்று பேர் படத்திலிருந்தும் அந்தப் பொருட்களை அழித்தவள் தமிழினி.

மதியழகன் விழுந்து விழுந்து சிரித்தார். "ஏம்மா, நீ அழிச்சா நெசத்துலயும் அழிஞ்சு போகுதா? இந்தா, பாத்துரலாம்" என்று பைக் சாவியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, தன்னையே படம் எடுத்தார். அவள் சாவியை அழித்தாள், நிழலை வெளுத்தாள், சேமித்தாள். மதியழகன் பையைத் தடவிப் பார்த்தார். எழுந்து நின்று உதறினார். நாற்காலிக்கு அடியில் பார்த்தார். சட்டையையே கழற்றிப் பார்த்தார். அவள் சேமித்து முடிக்கும் வரை நாற்காலியை விட்டு அவர் எழுந்திருக்கவே இல்லை, சாவி மட்டும் இல்லை. படத்தில் தையலெல்லாம் நேராக, பை ஒட்டிக் கிடந்தது. அவர் கழற்றிய சட்டையிலும் அப்படியே கிடந்தது.

அதோடு சிரிப்பு நின்றது. மறுநாளே கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் தட்டு வந்து உட்கார்ந்தது. படம் எடுக்க வருகிறவர்கள் பையைக் காலி செய்து அதில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். "உசுரோட இருக்கறவங்க பையில கம்ப்யூட்டர்ல கை வெக்காதே. செத்தவங்களுக்கு மட்டும் எடு. அவங்களுக்கு இனி என்னத்துக்கு?" என்று மதியழகன் சட்டம் போட்டார். வெளியே யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்றும் சொன்னார். தமிழினியும் விடவில்லை. இரண்டு பேரும் அதைப் பற்றித் தங்களுக்குள்ளும் பேசிக்கொள்ளவில்லை. பயந்த விஷயத்தைப் பேசாமல் இருந்தால் அது இல்லாமல் போய்விடும் என்பது மனிதர்களின் பழைய நம்பிக்கை.

இப்படி இருக்கும்போதுதான் தமிழினியின் தம்பி தீனதயாளனுக்குக் கல்யாணம் வந்தது. பேனரில் அப்பா ராசப்பன் கைகூப்பி நிற்க வேண்டும். மதியழகனே வீட்டுக்குப் போய் படம் எடுத்து வந்தார். அங்கே தட்டாவது, சட்டமாவது? இருபத்தெட்டு வருடம் லாரி ஓட்டிய மனிதர் ராசப்பன். பையில் போனும் கண்ணாடியும் இல்லாமல் அவரை நிற்க வைப்பது, சட்டையே இல்லாமல் நிற்க வைப்பது போல. பை புடைத்துக்கொண்டுதான் படம் வந்தது.

"அக்கா, அந்தப் பையை மொழுக்குன்னு பண்ணிரு. பொண்ணு ஊட்டுக்காரங்க பாத்தா சிரிப்பாங்க" என்று தம்பி போனில் சொன்னான்.

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க. பையி அப்படியேதான் இருக்கும்" என்றாள் தமிழினி. ஏன் என்று அவன் கேட்பதற்குள் போனை வைத்துவிட்டாள். அப்பாவின் போனை, கண்ணாடியை, எட்டிப் பார்த்த பேனாவின் மூடியை, எதையும் தொடவில்லை. அவ்வளவு உஷாராக இருந்தாள்.

ஆனால் பைக்கு மேலே, தோளெலும்புக்குக் கீழே, துணி ஒரு இடத்தில் லேசாக மேடு தட்டி நின்றது. பையின் கனம் இழுத்ததால் விழுந்த மடிப்பு என்று நினைத்தாள். மடிப்பு ஒரு பொருள் இல்லையே. வெறும் துணிதானே. சட்டைப்பைக்கு என்றால் அவள் தனி லேயர் போட்டு வேலை செய்வாள், பழைய படம் அடியில் பத்திரமாக இருக்கும். மடிப்புக்கு எதற்கு அதெல்லாம்? படத்தின் மேலேயே நேராகத் தேய்த்தாள். மேடு படிந்தது. நிழலை வெளுத்தாள். அதே பெயரில் சேமித்து ஃப்ளெக்ஸ் அடிக்க அனுப்பிவிட்டு, கல்யாண ஜவுளி எடுக்கக் கிளம்பிப் போனாள். கேமரா கார்டை மதியழகன் அன்று மாலையே அடுத்த கல்யாணத்துக்காகத் துடைத்துவிட்டார்.

ஒன்பது வருடப் பழக்கம் அப்படி. கண்ணுக்கு மேடு தெரிந்தால் கை தானாகப் போய்விடும். அந்தக் கை யோசிப்பதில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு அப்பா வீட்டுக்குப் போனாள். தெருமுனையில் பேனர் கட்டிக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டடி உயரத்தில் அப்பா கைகூப்பி நின்றார். பைக்கு மேலே நெஞ்சு துவைத்துத் தேய்த்த வேட்டியைப் போலச் சமமாக இருந்தது. வாசலில் நாற்காலி போட்டு நிஜ அப்பா உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்திருந்தது. வலது கையால் இடது தோளுக்குக் கீழே தடவிக்கொண்டே இருந்தார்.

"ஏனுங்கப்பா, ஒரு மாதிரி இருக்கறீங்க?"

"காலையில இருந்து தலையச் சுத்துது கண்ணு. அதுகூடப் பரவால்ல. இங்கெ முட்டிக்கிட்டு இருந்ததக் காணோம்."

"எதுங்கப்பா?"

"மிசினுதான் சாமி. நெஞ்சுல வெச்சாங்கல்ல."

தமிழினிக்கு அப்போதுதான் நினைவு வந்தது. ஆறு வருடத்துக்கு முன்னால் அப்பா லாரிப் பட்டறையில் மயங்கி விழுந்தார். இதயம் நிமிடத்துக்கு முப்பது தரம்தான் துடிக்கிறது என்று சொல்லி, தோளெலும்புக்குக் கீழே தோலுக்கு அடியில் ஒரு தீப்பெட்டி அளவுக்கு பேஸ்மேக்கர் வைத்தார்கள். அதிலிருந்து இரண்டு ஒயர் இதயத்துக்குப் போகிறது என்று டாக்டர் படம் வரைந்து காட்டியபோது பக்கத்தில் நின்று தலையாட்டியவள் அவள்தான். அப்பா தெம்பாக நடமாட ஆரம்பித்ததும் அது மறந்துவிட்டது. அப்பாவின் நெஞ்சில் இருந்தது அவளுக்கு மறந்தேவிட்டது.

சட்டையை விலக்கித் தொட்டுப் பார்த்தாள். தோல் வழவழவென்று இருந்தது. ஆபரேஷன் செய்த தழும்புகூட இல்லை. மணிக்கட்டைப் பிடித்தாள். ஒரு துடிப்பு வந்தது. அடுத்தது வருவதற்குள் அவள் செத்துப் பிழைத்தாள்.

"தீனா, வண்டியை எடு. அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ, இப்பவே!" என்று கத்தினாள்.

"நீ வரலியாக்கா?"

"நான் கடைக்குப் போறேன்."

பெற்ற அப்பாவை அந்த நிலையில் விட்டுவிட்டுக் கடைக்குப் போகிறாளே என்று தீனதயாளன் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை அவள் சாகும் வரை மறக்க மாட்டாள். விளக்கம் சொல்ல நேரம் இல்லை. சொன்னால்தான் யார் நம்புவார்கள்?

கடையில் மதியழகன் அவள் முகத்தைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைக் கொடுத்தார். நடந்ததை மூன்றே வாக்கியத்தில் சொன்னாள். அவர் கேமரா கார்டைத் தேடி எடுத்தார், துடைத்தது நினைவு வந்து தலையில் கை வைத்துக்கொண்டார். அழிந்ததை மீட்கும் மென்பொருளை ஓட்டிப் பார்த்தார். நேற்று ராத்திரி எடுத்த நூற்றுக்கணக்கான கல்யாணப் படங்கள் கார்டு முழுக்க அதன் மேலேயே ஏறிக் கிடந்தன. ஃபைலைத் திறந்தால் அடியில் ஒன்றும் இல்லை, அவள் தேய்த்த நெஞ்சுதான் இருந்தது.

"வரஞ்சுரு. மேட்டை நீயே வரஞ்சுரு" என்றார் மதியழகன்.

வரைந்தாள். மேல் விளிம்பில் வெளிச்சத்தை ஏற்றினாள், கீழே நிழலைக் கருக்கினாள். வாழ்நாளெல்லாம் மேட்டை அழித்தவளுக்கு மேடு போடத் தெரியவில்லை. குழம்பு சிந்திய கறை மாதிரி இருந்தது. சேமித்துவிட்டுத் தம்பிக்குப் போன் போட்டாள்.

"எக்ஸ்ரே எடுத்தாங்கக்கா" என்றான் அவன். "ஒயரு ரெண்டும் உள்ளுக்குள்ள தொங்குது. பெட்டியைக் காணோம். எப்ப எடுத்தீங்க, யாரு எடுத்தாங்கன்னு டாக்டரு எங்களைக் கேக்கறாரு. துடிப்பு முப்பத்தி நாலுதான் இருக்குதாம். ஈரோட்டுக்குக் கொண்டு போகச் சொல்றாங்க. அப்பாவுக்குப் பேச்சு வர மாட்டேங்குதுக்கா."

போனை வைத்துவிட்டுத் திரைக்குத் திரும்பினாள். வரைந்தது போதாது. நிஜமான மேடு வேண்டும். உயிரோடு இருந்த ஒரு நெஞ்சின் மேல், சட்டைக்கு அடியில், ஒரு பேஸ்மேக்கர் போட்ட நிஜமான நிழல் வேண்டும். அப்போதுதான் அவளுக்கு ஒன்று தோன்றியது. அந்த இடத்தில் ஒரு மேட்டை இதற்கு முன்னாலும் கை தேய்த்திருக்கிறது. அந்த வளைவு கைக்குப் பழக்கமாக இருந்ததே, அதனால்தானே நேற்று அவ்வளவு சுலபமாகப் படிந்தது.

பழைய ஆர்டர்களைத் திறந்து மாதம் மாதமாகப் பின்னால் போனாள். தட்டு வருவதற்கு முந்தின சித்திரையில் அது கிடைத்தது. சங்ககிரி போகிற வழியில் ஒரு ஊர், மாதையன், அறுபதாம் கல்யாணம். மூலப்படம் தனியாக இருந்தது. சிரித்த முகம், பையில் பேனா, பைக்கு மேலே அதே மேடு. பக்கத்திலேயே அவள் செய்து கொடுத்த படமும் இருந்தது. பேனா இல்லை, மேடும் இல்லை, நெஞ்சு சமம்.

அதற்குக் கீழே இன்னொரு ஃபோல்டர் இருந்தது. மாதையன், கண்ணீர் அஞ்சலி. தேதி பத்தொன்பது நாள் தள்ளி.

அவளுக்கு நினைவு வந்தது. மாதையனின் மனைவி குஞ்சம்மாள் வந்திருந்தார். "வேற படம் வேண்டாமுங்க. இந்தப் படத்துலதான் அவரு மொகம் லட்சணமா இருக்குது" என்று சொன்னார். தமிழினி சந்தோஷப்பட்டாள். தன் வேலையைப் பாராட்டியதற்காக, கணவனை இழந்து நிற்கும் பெண்ணுக்கு முன்னால் அவள் சந்தோஷப்பட்டிருந்தாள்.

அழ நேரம் இல்லை. மாதையனின் மூலப்படத்தில் அந்த மேட்டைச் சுற்றி, விளிம்பு மெத்தென்று இருக்கும்படி வளைத்துத் தேர்ந்தெடுத்தாள். இரண்டு பேர் மேலும் வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்துதான் விழுந்திருந்தது. இரண்டும் வெள்ளைச் சட்டை. மேட்டைப் பிரதி எடுத்து அப்பாவின் நெஞ்சில் வைத்தாள். அளவைக் குறைத்தாள், நூலின் திசைக்குத் திருப்பினாள், நிழலின் சாம்பலை அப்பாவின் சட்டைச் சாம்பலோடு சேர்த்தாள். கை நடுங்கவில்லை. அந்தக் கையை அவள் அப்போது வெறுத்தாள், ஆனாலும் அதைத்தான் நம்பினாள். சேமித்தாள்.

போன் அடித்தது. தீனதயாளன் அழுதுகொண்டே சிரித்தான். "அக்கா, ஆம்புலன்சுல ஏத்தறப்பத் துடிப்பு அறுபதுக்கு வந்துருச்சு. மிசினு தோலுக்கு அடியில இருக்குதுக்கா, நான் தொட்டுப் பாத்தேன். டாக்டரு முன்னப் பாத்த எக்ஸ்ரேயைத் திருப்பித் திருப்பிப் பாக்கறாரு. அப்பா காப்பி கேக்கறாரு."

தமிழினி மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். மதியழகன் கடைக் கதவைப் பாதி இழுத்துவிட்டார்.

கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. ராசப்பன் வந்தவர்களையெல்லாம் வாசலில் நின்று வரவேற்றார். புதிதாக அடித்து மாட்டிய பேனரில் பையும் புடைத்திருந்தது, பைக்கு மேலேயும் புடைத்திருந்தது. பெண் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

எட்டாம் நாள், மெஷின் வைத்த டாக்டரிடமே காட்டிவிடலாம் என்று அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனாள். அவர் மௌஸ் மாதிரி ஒரு கருவியை நெஞ்சின் மேல் வைத்து, திரையில் வந்ததைப் படித்தார். முதலில் புருவத்தைச் சுருக்கினார். பிறகு அப்பாவின் பழைய சீட்டை எடுத்து ஒப்பிட்டார்.

"மெஷின் நல்லா வேலை செய்யுதுங்க. ஆனா இது நான் வெச்ச மெஷின் இல்லீங்களே. நம்பர் வேற. உள்ள பதிஞ்ச பேரும் வேற." திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். "மாதையன்னா யாருங்க?"

தமிழினி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தெரியாது என்று அப்பா சொன்னார். எங்கேயோ பதிவில் குளறுபடி ஆகியிருக்கிறது, விசாரிக்கிறேன் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். படி இறங்கும்போது அப்பா நின்றார்.

"நீ மொகத்தைத் திருப்பிக்கிட்டியே கண்ணு. யாரு அது?"

சொன்னாள். மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து, சாவியிலிருந்து மாதையன் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னாள். ராசப்பன் நெஞ்சில் கை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தம்மா இருக்கறாங்களா?" என்று கடைசியில் கேட்டார்.

"இருக்கறாங்கப்பா."

"அப்ப வா, போலாம்."

"என்னன்னு சொல்றதுங்கப்பா? நம்ப மாட்டாங்க. நம்பினாங்கன்னா அதைவிடப் பயமா இருக்குது."

"பயமாத்தான் இருக்கும். அதுக்காவ அடுத்தவன் உசுரை இனாமா வெச்சுக்கிட்டு நான் எப்படித் தூங்கறது? வா சாமி."

குஞ்சம்மாள் வீட்டுச் சுவரில் மாதையன் மாலையோடு இருந்தார். தமிழினி செய்த நெஞ்சு, தமிழினி செய்த சமம். அவளால் அதைப் பார்க்க முடியவில்லை. ஸ்டுடியோக்காரப் பெண் என்று குஞ்சம்மாளுக்கு அடையாளம் தெரிந்தது. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். மாதையனுக்கு நெஞ்சில் மெஷின் இருந்ததா என்று ராசப்பன் மெல்ல ஆரம்பித்ததும், குஞ்சம்மாள் தானாகவே பேச ஆரம்பித்தார்.

"அந்த வகுத்தெரிச்சலை ஏங் கேக்கறீங்க. எரிக்கறதுக்கு முன்னால மிசினை எடுத்துரோணும், இல்லீன்னா வெடிச்சுரும்னு சொன்னாங்க. தடவித் தடவிப் பாத்தாங்க. ஒண்ணுமே இல்லீங்க. தழும்புகூட இல்ல. மிசினே வெக்காம நம்மளை ஏமாத்திப் போட்டாங்கன்னு என்ற பையன் இன்னைக்கும் பேசிக்கிட்டுத் திரியறான். நான் எத்தனை ராத்திரி அதுமேல கை வெச்சுப் படுத்திருக்கறேன். எனக்குத் தெரியாதுங்களா, இருந்துச்சா இல்லையான்னு?"

தமிழினி அவர் காலடியில் உட்கார்ந்தாள். "இருந்துச்சுங்கம்மா. நான்தான் எடுத்தேன். தெரியாம எடுத்தேன். ஆனா எடுத்தது நான்தான்" என்று ஆரம்பித்து முழுவதையும் சொன்னாள். சொல்லும்போது தன் குரல் வேறு யாருடையதோ போலக் கேட்டது. பைத்தியம் என்று சொல்லி விரட்டுவார் என்று எதிர்பார்த்தாள். விரட்டினால் நல்லது என்றுகூட நினைத்தாள்.

குஞ்சம்மாள் விரட்டவில்லை. படத்தைப் பார்த்தார். ராசப்பனைப் பார்த்தார். வெகுநேரம் அவரது சட்டைப்பைக்கு மேலே தெரிந்த மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தமிழினி பக்கம் திரும்பாமலே பேசினார்.

"உன்னைய என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல. அதை அப்பறம் பாக்கறேன்." ராசப்பனிடம் குரல் தணிந்தது. "ஏனுங்க, நான் அதை ஒருக்காத் தொட்டுப் பாக்கட்டுங்களா?"

ராசப்பன் மேல் பொத்தான் இரண்டையும் கழற்றினார். குஞ்சம்மாள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அந்த மேட்டின் மேல் வைத்தார். விரல்கள் அதன் விளிம்பைத் தேடவில்லை, நேராகப் போய் அதில் படிந்தன. கண்களை மூடிக்கொண்டார்.